26ஆ, 30ஆ?

மாதச் சம்பளம் 15,600 ரூபாய். இதில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு? எதால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

வாராந்திர விடுமுறையைக் கழித்தால் மாதத்தில் சுமார் 26 வேலைநாள். 26ஆல் வகுத்தால் நாளுக்கு 600, எட்டு மணி நேர வேலைக்கு மணிக்கு 75 ரூபாய். ஞாயிறுக்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்று 30ஆல் வகுத்தால் நாளுக்கு 520, மணிக்கு 65. தொழிற்சாலையில் ஓவர்டைமுக்கு இரட்டிப்பு என்பதால், பத்து மணி நேரத்துக்கு முதல் கணக்கில் 1,500, இரண்டாவதில் 1,300.

சம்பளப் பிடித்தத்தில் இது தலைகீழ். ஒரு நாள் லீவுக்கு 26 கணக்கில் 600 போகும், 30 கணக்கில் 520தான். ஆனால் 30ஆல் வகுக்கும் இடத்தில் 26 வேலைநாளும் வராதவருக்குக்கூட 2,080 ரூபாய் மிஞ்சும்! ஞாயிறுகளின் கூலி.

பணிக்கொடைக்கு இந்தக் குழப்பம் இல்லை. மாதச் சம்பளக்காரருக்கு 26ஆல் வகுக்க வேண்டும் என்று 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பின்னர் விளக்கம் சேர்த்துவிட்டார்கள்.

என் பார்வையில் எந்த எண் என்பதைவிட, இரண்டுக்கும் ஒரே எண்ணா என்பதே முக்கியம். ஓவர்டைமுக்கு 30, பிடித்தத்துக்கு 26 என்றால் தொழிலாளிக்கு இருபுறமும் நஷ்டம். சம்பளச் சீட்டில் ஒரு நாள் பிடித்தத்தை எட்டால் வகுத்து இரட்டித்துப் பாருங்கள். ஓவர்டைம் வீதம் அதைவிடக் குறைவாக இருந்தால் வகுஎண் மாறியிருக்கிறது.