ஒரே 24 யூனிட், மூன்று விதமான பில்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டதிலிருந்து, வவுனியா கடைத்தெருவில் இரண்டு பேர் சந்தித்தால் கரண்ட் வாகனப் பேச்சு வந்துவிடுகிறது. "பெற்றோல் காசு மிச்சம்" என்கிறார்கள். எவ்வளவு மிச்சம் என்று கேட்டால் பெரும்பாலானோரிடம் பதில் இல்லை. காரணம், பெற்றோலுக்கு லீற்றர் விலை ஒன்றுதான். கரண்டுக்கு அப்படியல்ல. ஏற்றிய அளவுக்கு ஒரு விலை, நின்ற நேரத்துக்கு ஒரு விலை, ஏற்றிய வேளையைப் பொறுத்து ஒரு விலை என்று மூன்று முறைகள் உண்டு.

என் மருமகன் துணி வியாபாரம் செய்கிறார். அவரிடம் இருப்பது 40 கிலோவாற் மணி பற்றரி கொண்ட பாவித்த நிசான் லீஃப். ஒரு வெள்ளிக்கிழமை கொழும்பு போய் வந்தவர் இரண்டு பில்களை என் மேசையில் போட்டு, "மாமா, ரெண்டிலயும் 24 யூனிட்தான். ஏன் இப்பிடி?" என்று கேட்டார். கணக்கு இலகுவாக இருக்கட்டும் என்று தொகைகளை முழு எண்களாக்கி இங்கே தருகிறேன்.

முதல் பில் குருநாகல் பக்கத்தில். அங்கே யூனிட்டுக்கு 100 ரூபாய். பற்றரி 20 வீதத்திலிருந்து 80 வீதம் வரை ஏற 24 யூனிட், ஆகவே 2,400 ரூபாய். பிற்பகல் 12.05க்கு வயரைச் செருகிவிட்டு ஜும்ஆவுக்குப் போயிருக்கிறார். 80 வீதத்தில் நிறுத்தும்படி வைத்திருந்ததால் 12.45க்கு சார்ஜ் முடிந்துவிட்டது. அதன்பின் பத்து நிமிடம் சலுகை. இவர் வந்து வயரைக் கழற்றியது 1.20க்கு. மிச்சம் 25 நிமிடத்துக்கு, நிமிடத்துக்கு 30 ரூபாய் வீதம் 750 ரூபாய் தரிப்புக் கட்டணம். மொத்தம் 3,150. அதாவது பலகையில் 100 ரூபாய் என்று எழுதியிருந்த யூனிட் இவருக்கு 131 ரூபாயாக முடிந்தது.

இது அநியாயம் என்று அவர் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. பின்னால் ஒருவர் காத்துக்கொண்டு நிற்கும்போது, வேலை முடிந்த வாகனம் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்த இடத்துக்காரருக்கு வருமானம் இல்லை. டெஸ்லா நிறுவனம் 2016 டிசம்பரில் இந்தக் கட்டணத்தை ஆரம்பித்தபோது நிமிடத்துக்கு 40 அமெரிக்க சதம் என்று வைத்தது. ஐந்து நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை. பின்னர் அதை உயர்த்தி, இடம் பாதியாவது நிரம்பியிருந்தால்தான் அறவிடுவது, முழுதாக நிரம்பியிருந்தால் இரட்டிப்பு என்று மாற்றியது. இது வட்டி மாதிரி இல்லையா என்று பள்ளியில் ஒருவர் கேட்டார். கடன் மீது ஏறும் தொகையல்ல, இடத்தைப் பிடித்து வைத்ததற்கான கூலி என்பதே என் விளக்கம். மார்க்கத் தீர்ப்பு சொல்ல வேண்டியவர்கள் உலமாக்கள்.

இரண்டாவது பில்தான் விஷயமானது. கொழும்பில் வேலை முடித்து, திரும்புவதற்கு முன் வேறோர் இடத்தில் ஏற்றியிருக்கிறார். அங்கே நிமிடக் கணக்கு, நிமிடத்துக்கு 50 ரூபாய். மத்தியானம் 40 நிமிடத்தில் ஏறியதால் 2,000 ரூபாய்தான் வரும், யூனிட் 83 ரூபாய்க்கு விழும், லாபம் என்று மனக்கணக்குப் போட்டிருக்கிறார். ஆனால் ஏற 66 நிமிடம் எடுத்தது. பில் 3,300. யூனிட் 137 ரூபாய் 50 சதம். இத்தனைக்கும் இங்கே அவர் பக்கத்திலேயே நின்று, முடிந்த உடனே வயரைக் கழற்றியிருக்கிறார்.

இயந்திரத்தில் கோளாறு இல்லை. லீஃப் வாகனத்தின் பற்றரிக்குத் தண்ணீரோ விசிறியோ வைத்துக் குளிர்விக்கும் ஏற்பாடு கிடையாது. ஒரே நாளில் வேகச் சார்ஜ், நீண்ட ஓட்டம், மீண்டும் வேகச் சார்ஜ் என்று போனால் பற்றரி சூடேறும். சூடேறியதும் வாகனமே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள கரண்ட்டைக் குறைவாக வாங்கும். 40 கிலோவாற் மணி லீஃப் பற்றி இந்த முறைப்பாடு 2018இலேயே ஐரோப்பாவில் பெரிதாக எழுந்தது. இயந்திரத்தின் மேல் 50 கிலோவாற் என்று எழுதியிருந்தாலும் இவருக்குக் கிடைத்தது சராசரி 22தான். நிமிடக் கணக்கில் அந்த மந்தத்துக்கான நட்டம் முழுவதும் வாடிக்கையாளரின் தலையில் விழுகிறது. யூனிட் கணக்கில் அது இடத்துக்காரரின் தலையில் விழும்.

80 வீதத்துக்கு மேல் ஏற்றுவதும் இப்படித்தான். எந்த வாகனமும் அதற்குப் பிறகு மெதுவாகவே குடிக்கும். கடைசி 8 யூனிட் ஏற 40 நிமிடம் எடுத்தால், நிமிடக் கணக்கில் 2,000 ரூபாய், அதாவது யூனிட் 250. யூனிட் கணக்கில் அதே எட்டும் 800 ரூபாய்தான்.

பிறகு ஏன் நிமிடக் கணக்கு வந்தது? அமெரிக்காவின் சில மாநிலங்களில் அனுமதி பெற்ற மின் நிறுவனம் மட்டுமே யூனிட் கணக்கில் கரண்ட் விற்கலாம் என்ற சட்டம் இருந்தது. அதனால் மற்றவர்கள் நேரத்தை விற்றார்கள். கனடாவிலும் 2023 வரை அளவை விதிகள் காரணமாக இதே நிலை. அங்கெல்லாம் டெஸ்லா, 60 கிலோவாற்றுக்குக் கீழே வாங்கும்போது ஒரு விலை, மேலே ஒரு விலை என்று தட்டு வைத்தது. அப்படித் தட்டு இல்லாத நிமிட விலை மெதுவாக வாங்கும் பழைய வாகனக்காரருக்கு நட்டம், வேகமாக வாங்கும் புதிய வாகனக்காரருக்கு லாபம்.

"அப்ப வீட்டிலயே போடுறன்" என்றார் மருமகன். வீட்டிலும் கவனிக்க இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, பற்றரிக்குள் 24 யூனிட் போக வீட்டு மீற்றரில் ஏறத்தாழ 27 ஓடும். மிச்சம் சூடாகப் போய்விடும். மாதம் பத்துத் தரம் ஏற்றினால் 270 யூனிட். அவர் வீட்டுப் பாவனை 150. சாதாரண வீட்டுக் கட்டணத்தில் யூனிட் கூடக்கூட விலை ஏறும், 180க்கு மேற்பட்டதுதான் ஆக உயர்ந்த தட்டு. ஆகவே வாகனத்துக்கான 270இல் 240 யூனிட் நேரே அந்தத் தட்டில் போய் விழும்.

இரண்டாவது, வேளைக் கட்டணம். மும்முனை இணைப்பு உள்ள வீட்டுக்காரர் இதைக் கேட்டுப் பெறலாம். காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், அங்கிருந்து இரவு 10.30 வரை உச்ச வேளை, பின்னர் விடிய 5.30 வரை குறைந்த வேளை. 2022 ஓகஸ்ட் உயர்வுக்கு முன் இவை யூனிட்டுக்கு 25, 54, 13 ரூபாய். அந்த விலையில் 27 யூனிட்டை நள்ளிரவில் ஏற்றினால் 351 ரூபாய், மஃரிபுக்குப் பிறகு ஏற்றினால் 1,458 ரூபாய். விலைகள் அதன்பின் பலமுறை மாறிவிட்டன. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அங்கீகரித்த புதிய விலைப் பட்டியலை மின்சாரக் கந்தோரில் கேட்டு வாங்கித்தான் கணக்குப் போட வேண்டும்.

இதில் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. வேளைக் கட்டணத்துக்கு மாறினால் வாகனம் மட்டுமல்ல, முழு வீடும் மாறும். மாலை 6.30க்குப் பிறகு போடும் லைட், ஃபேன், சோற்றுக் குக்கர் எல்லாமே உச்ச விலையில் ஓடும். மாதம் இரண்டு மூன்று தரம் மட்டும் ஏற்றுபவருக்கு இது கட்டாமல் போகலாம்.

மருமகனிடம், ஒரு மாதத்துக்கு எல்லா பில்களையும் சேர்த்து வைத்து, மொத்தத் தொகையை ஏறிய யூனிட்டால் பிரித்து ஒவ்வொன்றின் பின்புறத்திலும் எழுதச் சொல்லியிருக்கிறேன். இதுவரை ஏழு பில்கள் சேர்ந்திருக்கின்றன. ஜும்ஆ நாளில் இப்போது யூனிட் கணக்குள்ள இடத்தில், தொழுகைக்கு முன்பே ஏற்றி முடித்து, வாகனத்தை வெளியே எடுத்து நிறுத்திவிட்டுத்தான் பள்ளிக்குப் போகிறாராம்.