திருப்பிப் போட்டால் ஏன் மின்சாரம் நிற்கிறது?

1N4007 என்று பொறித்த சின்னஞ்சிறு கறுப்பு டையோடு, 1 கிலோ ஓம் மின்தடை, 9 வோல்ட் பேட்டரி. மூன்றையும் தொடராக இணைத்து மின்தடையின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால், கிட்டத்தட்ட 8.3 வோல்ட் காட்டும். டையோடை மட்டும் கழற்றித் திருப்பிப் போட்டால் அதே இடத்தில் பூஜ்யம். பேட்டரியின் 9 வோல்ட்டும் இப்போது டையோடின் மேலேயே விழுகிறது.

தேர்வில் கேட்கப்படுவது இதற்கான காரணம்தான். "முன்னோக்குச் சார்பில் கடத்தும், பின்னோக்குச் சார்பில் கடத்தாது" என்று ஒற்றை வரியில் எழுதினால் பாதி மதிப்பெண்கூடக் கிடைக்காது. விடை முழுவதும் சந்தியில் இருக்கும் ஒரு மெல்லிய பகுதியில் அடங்கியிருக்கிறது.

சிலிக்கானில் பாஸ்பரஸைச் சிறிதளவு கலந்தால் கட்டுப்படாத எலெக்ட்ரான்கள் மிகுந்த என் வகை கிடைக்கும். போரானைக் கலந்தால் எலெக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள், அதாவது துளைகள் மிகுந்த பி வகை கிடைக்கும். பி வகை நேர்மின்னூட்டம் கொண்டது என்று பலர் எழுதிவிடுகிறார்கள், அது தவறு. தனித்தனியாக இரண்டுமே மின்நடுநிலையில்தான் இருக்கின்றன.

ஒரே படிகத்தில் இரண்டும் சந்திக்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. என் பக்கத்து எலெக்ட்ரான்கள் எல்லையைத் தாண்டிப் பி பக்கத்துக்குப் பரவித் துளைகளை நிரப்புகின்றன. அவை விட்டுப்போன இடத்தில் பாஸ்பரஸ் அணுக்கள் நேர் அயனிகளாக நிற்கின்றன. எதிர்ப்பக்கத்தில் போரான் அணுக்கள் எதிர் அயனிகளாகின்றன. படிகத்தோடு பிணைந்த இந்த அயனிகளால் நகர முடியாது. ஊர்திகள் இல்லாமல் அயனிகள் மட்டுமே மிஞ்சிய இதைத்தான் இயக்கமில்லாப் பகுதி என்கிறோம். அதில் உருவாகும் மின்புலம் என் பக்கத்திலிருந்து பி பக்கம் நோக்கியது. இனி வரும் எலெக்ட்ரான்களைப் பின்னுக்குத் தள்ளுவது. சிலிக்கானில் இந்த மின்னழுத்த அரண் ஏறத்தாழ 0.7 வோல்ட். ஏறி இறங்க வேண்டிய ஒரு மேடு என்று வைத்துக்கொள்ளலாம்.

பேட்டரியின் நேர்முனையைப் பி பக்கத்தோடும் எதிர்முனையை என் பக்கத்தோடும் இணைத்தால், பேட்டரி உண்டாக்கும் புலம் சந்தியின் புலத்துக்கு எதிராக நிற்கிறது. மேடு தாழ்கிறது, இயக்கமில்லாப் பகுதி குறுகுகிறது, பெரும்பான்மை ஊர்திகள் பெருமளவில் கடந்துபோகின்றன. 0.7 வோல்ட்டில் கதவு சட்டென்று திறப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மின்னோட்டம் அடுக்குக்குறியாக ஏறுகிறது: டையோடைப் பொறுத்து 60 முதல் 120 மில்லிவோல்ட் கூடினாலே அது பத்து மடங்காகிவிடும். அதனால்தான் மின்னோட்டம் எவ்வளவு மாறினாலும் டையோடின் மேல் விழும் மின்னழுத்தம் 0.7-ஐ ஒட்டியே நிற்கிறது. நம் சுற்றில் மிச்சம் 9 − 0.7 = 8.3 வோல்ட், அதை 1 கிலோ ஓமால் வகுத்தால் 8.3 மில்லிஆம்பியர். மின்தடை இல்லாமல் டையோடை நேரே பேட்டரியில் மாட்டினால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த எதுவும் இருக்காது. டையோடு சூடாகிக் கருகலாம்.

இனி திருப்பிப் போடுவோம். பேட்டரியின் எதிர்முனை பி பக்கத்துத் துளைகளையும் நேர்முனை என் பக்கத்து எலெக்ட்ரான்களையும் சந்தியிலிருந்து விலக்கி இழுக்கின்றன. இயக்கமில்லாப் பகுதி அகல்கிறது. 0.7 வோல்ட்டாக இருந்த மேடு 9.7 வோல்ட்டாக உயர்ந்துவிடுகிறது. பெரும்பான்மை ஊர்திகளால் அதைத் தாண்டவே முடியாது.

ஆனாலும் மின்னோட்டம் முற்றிலும் நின்றுவிடுவதில்லை. வெப்பத்தால் ஓயாமல் உருவாகும் சிறுபான்மை ஊர்திகளுக்கு இந்தப் புலம் தடையாக இல்லை; அவற்றை அதுவே அக்கரைக்கு இழுத்துவிடுகிறது. அதுதான் கசிவு மின்னோட்டம். 1N4007-க்கு 25 டிகிரி செல்சியஸில், முழு 1000 வோல்ட்டிலும், தரவுத்தாள் தரும் உச்சவரம்பு 5 மைக்ரோஆம்பியர். அவ்வளவும் ஓடினால்கூட 1 கிலோ ஓமில் விழுவது 5 மில்லிவோல்ட்தான். மீட்டர் பூஜ்யம் காட்டுவது அதனால்தான். சிறுபான்மை ஊர்திகளின் எண்ணிக்கையை வெப்பமே முடிவு செய்கிறது. ஆகவே மின்னழுத்தத்தைக் கூட்டினால் கசிவு பெரிதாக ஏறாது. டையோடு சூடானால் ஏறும்.

டையோடு நல்லதா என்று பார்க்க, சுற்றிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைக்க வேண்டும். வெள்ளி வளையமுள்ள முனை என் பக்கம், அதாவது கேத்தோடு. அங்கே கறுப்பு முனையையும் மறுபக்கம் சிவப்பு முனையையும் வைத்தால் 0.5 முதல் 0.7 வரை ஒரு எண் வரும். முனைகளை மாற்றினால் OL என்று வரும். இரண்டு திசையிலும் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் சந்தி ஷார்ட் ஆகிவிட்டது. இரண்டிலும் OL என்றால் உள்ளே அறுந்துவிட்டது.

பின்னோக்குச் சார்பில் தடுப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்றாலும் அதன் உச்சம் 325 வோல்ட். கெப்பாசிட்டர் வடிகட்டியுள்ள அரை அலை திருத்தியில், கெப்பாசிட்டர் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் உச்ச மின்னழுத்தமும் எதிர் அரை அலையின் உச்சமும் கூடி டையோடின் மேல் 650 வோல்ட் வரை விழும். அங்கே 50 வோல்ட்டுக்கான 1N4001-ஐப் போட்டால் சந்தி முறிந்து, அளவற்ற மின்னோட்டம் பாய்ந்து டையோடு அழிந்துவிடும். 1000 வோல்ட் தாங்கும் 1N4007 அந்த இடத்தில் தாக்குப்பிடிக்கும்.