மூன்று மாத விளம்பரத் திட்டம்: உணவகத்துக்கு வரும் மின்னஞ்சல்

தனியாகத் தொழில் செய்யும் விளம்பரதாரர் ஒருவர் சிறு உணவக உரிமையாளருக்கு அனுப்பும் முன்மொழிவு மின்னஞ்சலில் முதலில் பார்க்க வேண்டியது, பணம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். பேஸ்புக், கூகுள் போன்றவற்றுக்குப் போகும் விளம்பரச் செலவும் விளம்பரதாரரின் கூலியும் ஒரே தொகையாக இருந்தால், எது எங்கே போனது என்று பின்னால் கண்டுபிடிக்க முடியாது.

கோவையில் இருபது மேசை உணவகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாத விளம்பரச் செலவு ரூ.15,000, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.2,700, கூலி ரூ.10,000, ஆக ரூ.27,700. ஒரு பில் சராசரியாக ரூ.500, அதில் மளிகைச் செலவு போக ரூ.250 மிஞ்சுகிறது என்றால், போட்ட பணம் திரும்ப மாதம் 111 புதிய பில்கள் வேண்டும். நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு. இந்தக் கணக்கை மின்னஞ்சலே சொல்லிவிடுவது நேர்மை.

முதல் மாதம் சோதனைக்கு. ஐந்து கிலோமீட்டர் சுற்றளவில் இரண்டு மூன்று விளம்பரங்கள் ஓடும், எடுபடாதது நிறுத்தப்படும். அடுத்த இரு மாதங்களும் எடுபட்டதற்கே பணம்.

லைக்குகளின் எண்ணிக்கை அளவுகோல் ஆகாது. விளம்பரத்தில் மட்டும் வரும் சலுகைச் சொல்லைக் கல்லாவில் சொன்னவர்களை எண்ண வேண்டும். வாடிக்கையாக வருபவரும் அதைச் சொல்லக்கூடும் என்பதால், முதல் முறை வருகிறாரா என்று கேட்டுக் குறிப்பதும் அவசியம். விளம்பரக் கணக்கு உரிமையாளர் பெயரில் இருக்க வேண்டும். இல்லையேல் ஒப்பந்தம் முடிந்ததும் சேர்ந்த விவரங்கள் விளம்பரதாரருடனேயே போய்விடும்.