பழைய பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

ஓர் ஒப்பந்தத்தைப் பாதியில் மாற்ற வேண்டியிருந்தால் யாரும் முழுப் பத்திரத்தையும் திரும்ப எழுதுவதில்லை. ஒன்றிரண்டு பக்கத்தில் ஒரு திருத்த ஒப்பந்தம் போடுவார்கள். 'ஷரத்து 9-ல் இந்தச் சொற்களுக்குப் பதிலாக இந்தச் சொற்கள்', 'ஷரத்து 7 நீக்கப்படுகிறது', 'ஷரத்து 6-க்குப் பதிலாகக் கீழ்க்கண்டது' என்று அதில் இருக்கும். பேசி முடித்த விஷயம்தானே என்று இரு தரப்பும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அந்தத் தாளில் இருப்பவை வேறொரு தாளுக்கு இடப்படும் கட்டளைகள். பழைய பத்திரத்தில் அவை எங்கே போய் உட்காருகின்றன என்று பார்க்காதவரை, எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்பது நமக்கே தெரியாது.

ஒரு கடை வாடகைப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்தாண்டு ஒப்பந்தம், சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவானது. விளக்குவதற்காக நான் அமைத்த மாதிரிதான், ஆனால் இதே போன்ற வாசகங்களை நம் ஊர்ப் பத்திரங்களில் எங்கும் பார்க்கலாம். அதன் ஷரத்து 6 இப்படி இருக்கிறது: "வாடகைதாரர் ரூ.3,00,000 அட்வான்ஸ் கொடுத்துள்ளார். இத்தொகைக்கு வட்டி இல்லை. கடையைக் காலி செய்து சாவியை ஒப்படைத்த 30 நாட்களுக்குள், வாடகை பாக்கியும் மின்கட்டண பாக்கியும் போக மீதியை உரிமையாளர் திருப்பித் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும்."

ஷரத்து 9: "இருவரில் யார் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள விரும்பினாலும் மூன்று மாதங்களுக்கு முன் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். வாடகைதாரர் தொடர்ந்து மூன்று மாதங்கள் வாடகை பாக்கி வைத்தால் உரிமையாளர் 15 நாள் நோட்டீஸில் ஒப்பந்தத்தை முடிக்கலாம்."

இரண்டு வருடம் கழித்து இருவரும் மூன்று மாற்றங்களுக்கு ஒப்புக்கொள்கிறார்கள். நோட்டீஸ் காலம் ஆறு மாதமாகிறது. அட்வான்ஸ் நான்கு லட்சமாகிறது. மொட்டை மாடியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற ஷரத்து 7 இனி வேண்டாம். திருத்த ஒப்பந்தத்தின் முதல் வரி: "ஷரத்து 9-ல் 'மூன்று மாதம்' என்ற சொற்களுக்குப் பதிலாக 'ஆறு மாதம்' என்று கொள்ள வேண்டும்."

இப்போது பழைய பத்திரத்தைத் திறந்து 'மூன்று மாதம்' என்ற சொற்களைத் தேடுங்கள். அப்படி ஓரிடத்திலும் இல்லை. இருப்பவை 'மூன்று மாதங்களுக்கு' என்பதும் 'மூன்று மாதங்கள்' என்பதும். வேற்றுமை உருபும் பன்மை விகுதியும் சேரும்போது தமிழில் சொல்லின் கடைசி எழுத்தே மாறிவிடுகிறது. அதனால் மேற்கோளில் போட்ட சொல் மூலத்தில் அப்படியே கிடைக்காமல் போவது தமிழ்ப் பத்திரங்களில் சாதாரணம். 'வாடகைதாரர்' என்று தேடினால் 'வாடகைதாரருக்கு' அகப்படாது.

சரி, கருத்து புரிகிறதே என்று விட்டுவிட்டாலும் அடுத்த கேள்வி காத்திருக்கிறது. எந்த மூன்று மாதம்? ஷரத்து 9-ல் அது இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டிலும் மாற்றினால், தொடர்ந்து ஆறு மாதம் வாடகை பாக்கி விழுந்த பிறகுதான் உரிமையாளர் 15 நாள் நோட்டீஸ் கொடுக்க முடியும் என்றாகிறது. அவர் ஒப்புக்கொண்டது நோட்டீஸ் காலத்துக்கு மட்டும்தான், ஆனால் தாளில் அப்படி இல்லை. ஆகவே மேற்கோள் சொற்களை மூலத்தில் தேடும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறதா, எத்தனை இடத்தில் இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் இருந்தால் நல்லது. இல்லவே இல்லை என்றாலும், ஒன்றுக்கு மேல் இருந்தாலும் திருத்தத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

கம்ப்யூட்டரில் Ctrl+F போட்டுத் தேடலாம். ஒரு எச்சரிக்கை: வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பில், இன்றைய யுனிகோட் தமிழில் தேடினால் கண்ணெதிரே இருக்கும் சொல்லும் கிடைக்காது. ஸ்கேன் செய்த நகலிலும் அதே கதை. அங்கே விரல் வைத்துப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

என் கருத்தைக் கேட்டால், தமிழ்ப் பத்திரத்தில் தனிச் சொற்களை மாற்றுவதே வேண்டாம். "ஷரத்து 9-ன் முதல் வாக்கியத்துக்குப் பதிலாகப் பின்வரும் வாக்கியம் அமையும்" என்று சொல்லி, முழு வாக்கியத்தையும் எழுதிவிடுவது நல்லது. உருபுச் சிக்கலும் வராது, எந்த இடம் என்ற கேள்வியும் எழாது.

அப்படியானால் ஷரத்தையே முழுதாக மாற்றிவிட்டால் இன்னும் பத்திரமல்லவா என்று தோன்றும். அதில் வேறொரு பள்ளம் இருக்கிறது. நம் திருத்தத்தின் இரண்டாம் வரி அதற்கு உதாரணம்: "ஷரத்து 6-க்குப் பதிலாகக் கீழ்க்கண்டது அமையும்: வாடகைதாரர் ரூ.4,00,000 அட்வான்ஸ் கொடுத்துள்ளார். இத்தொகைக்கு வட்டி இல்லை. கடையைக் காலி செய்த பின் பாக்கிகள் போக மீதி திருப்பித் தரப்படும்."

தனியாகப் படித்தால் குறை தெரியாது. தொகை சரி, வட்டி இல்லை என்பதும் பழையபடி, திருப்பித் தருவதாகவும் இருக்கிறது. பழைய ஷரத்தோடு வாக்கியம் வாக்கியமாக ஒப்பிடுங்கள். 30 நாள் கெடு காணோம். 12 சதவீத வட்டி காணோம். மின்கட்டணம், வாடகை என்று பெயர் சொல்லியிருந்த பாக்கி இப்போது வெறும் 'பாக்கிகள்'. வெள்ளையடித்த செலவும் கதவு பழுதும் அதற்குள் நுழையலாம். 'பதிலாக' என்று முழு ஷரத்தையும் மாற்றும்போது, புதிய வாசகத்தில் இல்லாத ஒவ்வொன்றும் ஒழிகிறது. யாரும் அதை நீக்கச் சொல்லவில்லை, நீக்கியதாகத் தாளில் ஒரு வரியும் இல்லை, ஆனாலும் போய்விட்டது. அதைவிடக் கொடுமை, 'இத்தொகைக்கு வட்டி இல்லை' என்ற வரி மட்டும் தங்கியிருக்கிறது. முன்பு அது ஒப்பந்தம் நடக்கும் காலத்துக்குப் பொருந்தியது, தாமத வட்டியை அடுத்த வாக்கியம் தனியாகப் பார்த்துக்கொண்டது. அந்த வாக்கியம் போன பிறகு, தாமதத்துக்கும் வட்டி கிடையாது என்று உரிமையாளர் சொல்ல இந்த வரியே போதும்.

அட்வான்ஸ் தொகை மட்டும் மாற வேண்டுமென்றால் முதல் வாக்கியத்தை மட்டும் மாற்றினால் போதும். முழு ஷரத்தும் மாறுகிறது என்றால், பழையதை இடப்பக்கமும் புதியதை வலப்பக்கமும் வைத்து, பழையதன் ஒவ்வொரு வாக்கியமும் புதியதில் எங்கே போனது என்று கேளுங்கள். பதில் இல்லாத வாக்கியம் இருந்தால் அது தெரிந்து விட்டதா, தவறி விட்டதா என்பதைக் கையெழுத்துக்கு முன் பேசித் தீர்க்க வேண்டும். இரண்டும் வேர்ட் கோப்புகளாக இருந்தால் Review பகுதியில் உள்ள Compare இந்த வித்தியாசங்களை நிறமிட்டுக் காட்டும்.

மூன்றாம் வரி: "ஷரத்து 7 நீக்கப்படுகிறது. அடுத்துள்ள ஷரத்துகள் அதற்கேற்ப மறு எண் பெறும்." மொட்டை மாடி விஷயம் போனதில் தகராறு இல்லை. ஆனால் 8 இப்போது 7, 9 இப்போது 8. பத்திரத்தின் கடைசியில் "ஷரத்து 9-ன்படி ஒப்பந்தம் முடிந்தால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி இருக்கிறது. மறு எண் போட்ட பின் 9 என்பது பழைய 10, அதாவது உள்வாடகைக்கு விடக்கூடாது என்ற ஷரத்து. அட்வான்ஸ் திரும்பி வருவதற்கான வரி, சம்பந்தமே இல்லாத இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. நம் திருத்தத்தின் முதல் வரியில் சொன்ன 'ஷரத்து 9' பழைய எண்ணா, புதிய எண்ணா என்ற கேள்வியும் கூடவே முளைக்கிறது.

இதெல்லாம் சின்னப் பத்திரத்தில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்திலேயே நடந்திருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 27-ஏ பிரிவு, போதைக் கடத்தலுக்குப் பணம் கொடுப்பவருக்கும் கடத்துபவருக்கு இடம் கொடுப்பவருக்கும் 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. கடத்தல் எது என்பதை அந்தப் பிரிவு தானே சொல்லவில்லை. பிரிவு 2-ல் உள்ள ஒரு வரையறையைச் சுட்டியது. சட்டத்தில் ரோம எண்ணில் இருக்கும் அந்த உட்பிரிவை இங்கே 8-அ என்று வைத்துக்கொள்வோம். 2014-ல் வந்த திருத்தம், வலி நிவாரணம் போன்ற மருத்துவத் தேவைக்கான 'இன்றியமையாத போதை மருந்து' என்ற புதிய வரையறையை 8-அ இடத்தில் செருகி, கடத்தல் வரையறையை 8-ஆ என்று தள்ளி வைத்தது. 27-ஏ பிரிவை யாரும் தொடவில்லை. அது தொடர்ந்து 8-அ என்றே சுட்டியது, அங்கே கடத்தல் இல்லை.

திரிபுராவில் ஒரு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு இதைச் சுட்டிக்காட்டியது. 2021-ல் அம்மாநில உயர் நீதிமன்றம் சட்டத்தைத் திருத்தும்படி மத்திய அரசுக்குச் சொன்னது. அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று அவசரச் சட்டம், டிசம்பரில் திருத்தச் சட்டம். மாற்றியது ஓர் எழுத்தைத்தான். அதை 2014 மே 1 முதலே அமலில் இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்றும் எழுத வேண்டியிருந்தது. குற்றவியல் சட்டத்தை முன்தேதியிட்டுத் திருத்தலாமா, அரசியலமைப்பின் 20-ஆம் உறுப்பு அதற்கு இடம் தருமா என்று நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது.

எண்களைத் தள்ளாமல் இருந்தால் இந்த வம்பே இல்லை. நம் அரசியலமைப்புச் சட்டம் அப்படித்தான் செய்கிறது. கல்வி உரிமை 21-ஏ என்ற எண்ணில் செருகப்பட்டது, 22 நகரவில்லை. சொத்துரிமை சொன்ன 31-ஆம் உறுப்பை 44-ஆவது திருத்தம் நீக்கியபோது அந்த எண் காலியாக விடப்பட்டது, 32 இன்றும் 32-தான். வாடகைப் பத்திரத்திலும் அப்படியே செய்யுங்கள். நீக்கிய எண்ணுக்கு எதிரே 'நீக்கப்பட்டது' என்று இருக்கட்டும். புதிதாகச் சேர்ப்பதற்கு 7-ஏ, 7-பி என்று எண் கொடுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது திருத்தம் போடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முதல் திருத்தத்தில் வாடகை 18,000-லிருந்து 20,000 ஆகியிருக்கும். பத்திரம் எழுதுபவர் கையில் மூலப் பத்திரம் மட்டும் இருந்தால், "18,000 என்பதற்குப் பதிலாக 22,000" என்று எழுதிவிடுவார். நடப்பில் 18,000 என்ற எண்ணே எங்கும் இல்லை. எனவே எல்லாத் திருத்தங்களையும் ஏற்றிய ஒரு முழுப் படியைத் தயாரித்து, அதன் மீதுதான் புதிய திருத்தத்தைச் சோதிக்க வேண்டும். மூலம் தொலைந்திருந்தால் சார் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம்.

'நாங்கள் பேசிக்கொண்டது வேறு' என்று பிறகு சொல்லிச் சமாளிக்கலாம் என்று நம்பாதீர்கள். பதிவான பத்திரத்தின் வாசகத்தைப் பிற்பாடு வாய்மொழியாக மாற்றிக்கொண்டோம் என்று நிரூபிக்கச் சாட்சியச் சட்டம் இடம் தருவதில்லை. பழைய சட்டத்தின் 92-ஆம் பிரிவு சொன்னதையே 2023-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் 95-ஆம் பிரிவு சொல்கிறது. தவறு இரு தரப்புக்கும் பொதுவானது என்றால் பிழைத்திருத்தல் பத்திரம் போடலாம், ஆனால் அதற்கு மறுதரப்பும் கையெழுத்துப் போட வர வேண்டும். அவர் வரவில்லை என்றால் நீதிமன்றம்தான்.

ஆகவே திருத்த ஒப்பந்தம் உங்கள் கைக்கு வந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். திருத்தம் ஏறிய பின் அந்தந்த ஷரத்து முழுதாக எப்படி இருக்கும் என்பதை எழுதி இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் முரண் வந்தால் இணைப்பே செல்லும் என்று ஒரு வரியும் கேட்டு வாங்குங்கள்.