தவறான விடைகளை வகை பிரித்துப் பாருங்கள்

தேர்வுத்தாள் வீட்டுக்கு வந்து, மதிப்பெண் குறைந்திருந்தால், பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் கேட்பது ஒரே வார்த்தைதான்: "கவனமே இல்லை. இன்னும் ஐம்பது கணக்குப் போடு." நமது அறக்கட்டளையின் மாலை வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும்போது, தவறுகளுக்குக் காரணம் பல நேரங்களில் வேறாக இருக்கிறது. கேள்வியைத் தவறாகப் படித்திருப்பார்கள். அல்லது கேள்வியில் உள்ள ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிந்திருக்காது. அல்லது தெரிந்ததையே கைதவறி எழுதியிருப்பார்கள். இந்த மூன்றுக்கும் ஒரே பயிற்சி உதவாது.

விடைத்தாளை மட்டும் பார்த்து வகை பிரிக்க முடியாது. தவறான கேள்வியை வேறு தாளில் எழுதி, பழைய விடையைக் காட்டாமல் மீண்டும் செய்யச் சொல்லுங்கள். இப்போது சரியாகச் செய்துவிட்டால், அது தவறாகப் படித்ததாகவோ கைதவறியதாகவோ இருக்கும். மீண்டும் தவறினால், கேள்வியைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும் இடத்தில் பிள்ளை தயங்கி நிற்கும். அந்தச் சொல்லின் பொருளை மட்டும் சொல்லிக் கொடுங்கள். உடனே கணக்கு வந்துவிட்டால், குறை சொல்லில்தான். பொருள் தெரிந்த பிறகும் வரவில்லை என்றால் பாடமே புரியவில்லை. அதை ஆசிரியரிடம்தான் கொண்டு போக வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஆங்கில வழியில் 8ஆம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவிக்கு 25 கேள்விகளில் 10 தவறு என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கேள்வி: 800 ரூபாய் சட்டைக்கு 15 சதவீதம் தள்ளுபடி என்றால் விற்பனை விலை என்ன? அவர் எழுதியது 120. தள்ளுபடித் தொகை 120 என்பது சரிதான். ஆனால் கேட்டது விலை, அது 680. கேட்காத கேள்விக்குச் சரியான விடை எழுதியிருந்தால், அது தவறாகப் படித்ததன் அடையாளம்.

இன்னொரு கேள்வி: கூட்டினால் 46 வரும் இரண்டு 'கன்செக்யூட்டிவ்' இரட்டை எண்களில் பெரியது எது? அவர் 46ஐப் பாதியாக்கி 23 என்று எழுதினார். அந்தச் சொல்லுக்கு 'அடுத்தடுத்து வரும்' என்று பொருள் சொன்னதும், 22, 24 என்று கண்டுபிடித்துப் பெரியது 24 என்றார். கணக்கு தெரிந்த பிள்ளையை ஒரு சொல் தடுத்திருக்கிறது.

மூன்றாவது: 3x − 12 = 15 என்பதில் 12ஐ வலப்பக்கம் கொண்டுபோகும்போது கூட்டுவதற்குப் பதில் கழித்துவிட்டார்; x = 1 என்று வந்தது. சரியான விடை 9. மீண்டும் செய்யச் சொன்னபோது சரியாகச் செய்தார். தாளில் இப்படி ஒரே இடத்தில்தான் நடந்திருந்தது. ஆகவே இது கைதவறல். இதே தவறு மூன்று கணக்குகளில் வந்திருந்தால் அதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கக் கூடாது. பக்கம் மாறினால் குறி மாறும் என்ற விதி மனதில் பதியவில்லை என்று அர்த்தம்.

பத்தையும் இப்படிப் பார்த்ததில், சொல் தெரியாதது 5, தவறாகப் படித்தது 3, கைதவறியது 1, பாடம் புரியாதது 1 என்று வந்தது. பயிற்சியை எங்கே தொடங்க வேண்டும் என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

அந்த ஐந்து சொற்களையும் ஒரு சிறு நோட்டில், அவை வந்த கேள்வியோடு சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும். தனிச் சொல்லாக மனப்பாடம் செய்தால் தேர்வில் அடையாளம் தெரியாது. மறுநாள் ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, அதே சொல் வரும் வேறு கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள். மஃரிபுக்குப் பிறகு பத்து நிமிடம் போதும்.

தவறாகப் படிப்பதற்கு வேறு பழக்கம் தேவை. கணக்கைத் தொடங்குமுன் "கண்டுபிடிக்க வேண்டியது: விற்பனை விலை" என்று ஒரு வரி எழுத வேண்டும். முடித்ததும் கேள்வியின் கடைசி வரியை மட்டும் திரும்பப் படித்து, அந்த வரியோடு விடையை ஒப்பிட வேண்டும்.

கைதவறலுக்கு, வந்த விடையைக் கேள்வியில் திரும்பப் போட்டுப் பார்க்கும் பழக்கம் போதும். மேலே சொன்ன கணக்கில் x = 1 என்று போட்டால் 3 − 12 என்று வரும்; 15 வராது. தவறு அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டு வாரம் கழித்து வேறொரு தாளைக் கொடுத்து மீண்டும் வகை பிரியுங்கள். மொத்த மதிப்பெண்ணைவிட எந்த வகை குறைந்தது என்று பாருங்கள். சொல் தெரியாத தவறு 5லிருந்து 2 ஆகி, தவறாகப் படித்தது 3லேயே நின்றால், அடுத்த இரண்டு வாரம் அந்த ஒரு வரி எழுதும் பழக்கத்துக்கே போகட்டும்.

பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் இதைச் செய்யலாம். பிள்ளை கேள்வியைத் தமிழில் சொல்லும்போது எங்கே நிற்கிறது என்று கேட்டு, அந்த இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். கோடு போட்ட தாளை மாலை வகுப்புக்குக் கொடுத்தனுப்பினால், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.