பச்சைக் குறியை நம்பினாள்

அக்கா மகள் பல்கலைக்கழகத் தேர்வை வீட்டிலிருந்தே எழுதியவள், முகம் வாடிப்போய் வந்தாள். நடுவில் இணையம் போய்விட்டது. எழுதிய பதில்கள் காணோம். தேர்வுத் தளக் குழுவுக்கு அவள் எழுதிவைத்திருந்த மின்னஞ்சலில் இரண்டே வரி: “என் பதில்கள் அழிந்துவிட்டன. தயவுசெய்து மீட்டுத் தாருங்கள்.”

இதை வைத்துக்கொண்டு அந்தக் குழு எதைத் தேடும்? கேட்டுக் கேட்டு இப்படி மாற்றி எழுதினோம்:

“வணக்கம். இன்று பிற்பகல் 2 மணித் தேர்வை மடிக்கணினியில், குரோம் உலாவியில் எழுதினேன். 3.10க்கு இணையம் நின்றது; வைஃபை மட்டும் இருந்தது. ‘சேமிக்கப்பட்டது’ என்ற பச்சைக் குறி மாறாததால் தொடர்ந்து எழுதினேன். 3.26க்கு அலைபேசி இணையத்துக்கு மாறி, பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தேன். 4ஆம் கேள்விக்குப் பாதி பதில்தான் இருக்கிறது, 5 காலி. அந்த 16 நிமிடங்களில் என் கணக்கிலிருந்து ஏதாவது வந்து சேர்ந்ததா என்று சர்வர் பதிவுகளில் பார்த்துச் சொல்ல முடியுமா?”

இதில் உயிர்நாடி அந்தப் பச்சைக் குறிதான். தானாகச் சேமிப்பது என்றால், உலாவி சிறிது நேரத்துக்கு ஒருமுறை பதிலை சர்வருக்கு அனுப்புகிறது என்று பொருள். பல கல்லூரிகள் பயன்படுத்தும் மூடுல் மென்பொருளின் வினாத்தேர்வில், யாரும் மாற்றாதவரை அந்த இடைவெளி ஒரு நிமிடம். ‘வந்து சேர்ந்தது’ என்று சர்வர் சொன்ன பிறகே குறி பச்சையாக வேண்டும். சில தளங்கள் `navigator.onLine` என்பதை மட்டும் பார்த்து இணையம் இருப்பதாக நினைத்துக்கொள்கின்றன. கணினி ஏதோ ஒரு வலையமைப்போடு இணைந்திருக்கிறதா என்பதைத் தாண்டி அதற்கு ஒன்றும் தெரியாது. வைஃபை பெட்டி எரிந்துகொண்டிருந்தால் அதற்கு எல்லாம் நலம்தான்!

சர்வருக்குப் போகாத பதிலை சர்வரிலிருந்து தோண்டி எடுக்க முடியாது. உலாவியிலும் ஒரு பிரதி வைத்து, இணையம் வந்ததும் அனுப்பும்படி தளத்தைச் செய்திருந்தால் அது பிழைத்திருக்கும். இங்கே ரெஃப்ரெஷ் செய்ததுமே போய்விட்டது. அதனால்தான் ‘மீட்டுத் தாருங்கள்’ என்பதை எடுத்துவிட்டோம். 3.10 வரை நிமிடத்துக்கு ஒரு சேமிப்பு, பிறகு 16 நிமிட மௌனம், மறுபடி சேமிப்பு என்று பதிவில் இருந்தால் அதுவே அவளுக்குச் சாட்சி. எழுதாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் தெரியும் என்று யாராவது சொல்லலாம். அதற்குத்தான் திரையில் கண்டதையும் இணையம் மாறிய நேரத்தையும் சேர்த்தது. மறுதேர்வு தருவது தளக் குழுவின் கையில் இல்லை என்பதால், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் ஒரு நகல் போனது.

உங்கள் வீட்டிலும் இப்படித் தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால், மாதிரித் தேர்வில் வைஃபை பெட்டிக்கு வரும் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். சில நிமிடங்களுக்குப் பிறகும் குறி பச்சையாகவே நின்றால், மின்னஞ்சலை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.