விற்பது வாஷிங் மெஷின்... கொடுப்பது எந்த நம்பர்?

வீடு மாறும்போதுதான் நம்மிடம் எவ்வளவு பொருள் சேர்ந்திருக்கிறது என்பதே தெரியும். புது வீட்டு மாடிப்படியில் ஏறாத சோஃபா, பிள்ளை வளர்ந்துவிட்டதால் மூலையில் கிடக்கும் சைக்கிள், இன்னும் நன்றாகவே ஓடும் பழைய வாஷிங் மெஷின்... காயலான் கடையில் போட்டால் சொற்பக் காசுதான் கிடைக்கும். ஓ.எல்.எக்ஸிலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ போட்டால் நல்ல விலைக்குப் போகும். நான்கு போட்டோ எடுத்து, விலையைப் போட்டு, கடைசியில் 'தேவைப்படுவோர் அழைக்கவும்' என்று செல்போன் நம்பரையும் தட்டிவிடுகிறோம். வில்லங்கம் ஆரம்பிப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி வரியில்தான்.

'நம்பர்தானே... அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணிடுவாங்க?' என்று கேட்கலாம். ஒரு காலத்தில் டெலிபோன் டைரக்டரியில் ஊரில் இருக்கிற எல்லோருடைய பெயரும் முகவரியும் நம்பரும் அச்சாகி வந்தன, யாரும் பயப்படவில்லை. ஆனால், அந்த நம்பரில் பேங்க் அக்கவுன்ட் இல்லை. இன்று நம் கையில் இருக்கும் அந்த 10 இலக்கத்தோடுதான் வங்கிக் கணக்கு, யு.பி.ஐ, ஆதார், வாட்ஸ்அப், மெயில் எல்லாமே கட்டப்பட்டிருக்கின்றன.

நம்பர் மட்டும் தெரிந்த ஒருவருக்கு நம்மைப் பற்றி என்னவெல்லாம் தெரியும் என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வேறொருவர் போனில் ஏதாவது யு.பி.ஐ செயலியைத் திறந்து உங்கள் நம்பரைப் போட்டுப் பாருங்கள். பணம் அனுப்பாமலேயே உங்கள் முழுப்பெயர் வந்து நிற்கும். வங்கிப் பதிவில் இருக்கும் பெயரையே காட்ட வேண்டும் என்ற விதி 2025-ல் வந்தது. தவறான ஆளுக்குப் பணம் போய்விடக் கூடாது என்பதற்காக வந்த நல்ல விதிதான். ஆனால், உங்கள் நம்பரை வைத்திருக்கும் எவருக்கும் உங்கள் பெயரையும் அது சொல்லிவிடுகிறது. அடுத்து, வாட்ஸ்அப் போட்டோவில் உங்கள் முகமும் குழந்தைகள் முகமும். விளம்பரத்தில் நீங்களே போட்ட ஏரியா பெயர். 'பில் இருக்கிறது' என்று காட்டுவதற்காகப் போட்டோ எடுத்துப் போட்ட வாரன்ட்டி கார்டில் வீட்டு முகவரி. ஐந்தே நிமிடத்தில் அறிமுகமே இல்லாத ஒருவர், 'மேடம், நீங்கதானே...' என்று உங்கள் முழுப்பெயரைச் சொல்லிப் பேச ஆரம்பிக்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே பாதி நம்பிக்கை வந்துவிடும் நமக்கு.

எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் நாடகம்

ஓர் உதாரணம் பார்ப்போம். தாம்பரத்தில் ஒரு வீட்டில் வாஷிங் மெஷினை 8,500 ரூபாய்க்கு விளம்பரம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போட்ட அரை மணி நேரத்தில் போன் வருகிறது. பேசுபவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்கிறார். இப்போதுதான் சென்னைக்கு மாற்றல், குடும்பம் அடுத்த வாரம் வருகிறது, பொருள் உடனே வேண்டும். வாட்ஸ்அப்பில் அடையாள அட்டை போட்டோகூட அனுப்புகிறார். (அது வேறு யாரோ ஒரு வீரரின் அட்டை, அவரும் இதில் பாதிக்கப்பட்டவர்தான்.) மெஷின் எத்தனை வருடம் ஓடியது என்று கேட்கவில்லை. பேரம் பேசவில்லை. நம்மூரில் எட்டாயிரத்து ஐந்நூறு சொன்னால் ஆறாயிரத்துக்குக் கேட்காத ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அங்கேயே காது நிமிர வேண்டும்.

'வேன் அனுப்பறேன், பணத்தை இப்பவே போட்டுடறேன்' என்கிறார். முதலில் ஐந்து ரூபாய்க்கு ஒரு க்யூ.ஆர் கோடு அனுப்பி, 'ஸ்கேன் பண்ணுங்க, டெஸ்ட்டுக்குத்தான்' என்கிறார். ஸ்கேன் செய்ததும் சொன்னபடி பத்து ரூபாயைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். இதுதான் தூண்டில். ஐந்து ரூபாய் உங்கள் கணக்கிலிருந்து போனதைவிட, பத்து ரூபாய் வந்ததுதான் மனதில் நிற்கும். 'ஸ்கேன் பண்ணினா பணம் வருது' என்று பதிந்துபோகிறது. அடுத்து 8,500-க்கு ஒரு கோடு. ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டதும் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது. 'அய்யோ மேடம், தப்பாயிடுச்சு... இன்னொரு தடவை பண்ணுங்க, மொத்தமா திருப்பிடறேன்' என்று பதறுவார். அந்தப் பதற்றம் நம்மையும் தொற்றிக்கொள்ளும். போனதை மீட்கிற அவசரத்தில் இரண்டாவது முறையும் 8,500 போகும். இப்போது மொத்தம் 17,000. வாஷிங் மெஷினோ அப்படியே வீட்டில்தான் இருக்கிறது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. யு.பி.ஐ-யில் பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் கேட்கிறதென்றால் பணம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் 'பணம் கொடு' என்று கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். அது இந்த ஏமாற்றில் ஒரு வழியை அடைத்தது. ஆனால், க்யூ.ஆர் கோடு வழி திறந்துதான் இருக்கிறது.

இன்னொரு வகை, 'தவறுதலா 18,500 போட்டுட்டேன், பத்தாயிரத்தைத் திருப்பி அனுப்புங்க' என்பது. கூடவே வங்கியில் இருந்து வந்ததுபோல ஒரு எஸ்.எம்.எஸ். உற்றுப் பார்த்தால் அது சாதாரண 10 இலக்க செல்போன் நம்பரிலிருந்து வந்திருக்கும். வங்கிச் செய்தி அப்படி வராது. அனுப்புநர் இடத்தில் வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள்தான் இருக்கும். எஸ்.எம்.எஸ்ஸையோ, அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையோ நம்ப வேண்டாம். உங்கள் செயலியைத் திறந்து பேலன்ஸைப் பாருங்கள், போதும்.

அப்போ நம்பரே கொடுக்காம விக்கறதா?

முடியும். பல தளங்களில் நம்பரை மறைத்துவிட்டு, அவர்களுடைய சாட்டிலேயே பேசும் வசதி இருக்கிறது. விளம்பரம் போடும்போது நம்பரைக் காட்டலாமா என்று கேட்கும் இடத்தில் அதை அணைத்துவிட வேண்டும். பலர் அதைச் சரியாக அணைத்துவிட்டு, கீழே விவரம் எழுதும் இடத்தில் நம்பரைத் தாங்களே டைப் செய்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கூகுள் தேடலிலும் வரலாம். விளம்பரத்தை நீக்கிய பிறகும் யாரோ எடுத்துவைத்த நகலில் அது இருக்கும்.

சாட்டில் ஒரு குறையும் உண்டு. செகண்ட் ஹேண்டில் பொருள் வாங்க நினைக்கும் பெரியவர்கள் பலருக்கு டைப் செய்ய வராது, கூப்பிட்டுப் பேசத்தான் பிடிக்கும். அவர்களை இழக்க வேண்டாம் என்றால், விற்பதற்கென்று தனியாக ஒரு சிம் வாங்கிக்கொள்வதுதான் என்னைக் கேட்டால் சிறந்த வழி. அலமாரியில் தூங்கும் பழைய பட்டன் போனில் போட்டுவைக்கலாம். இரண்டு சிம் போன் என்றால் அதிலேயே போடலாம். அந்த நம்பரை வங்கி, யு.பி.ஐ, ஆதார், மெயில் எதிலும் இணைக்கக் கூடாது. இணைக்காத நம்பரை யு.பி.ஐ செயலியில் போட்டுத் தேடினால் உங்கள் பெயர் வராது. வாட்ஸ்அப் தேவை என்றால் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை இந்த நம்பரில் போட்டு, போட்டோ இடத்தில் வாஷிங் மெஷின் படத்தையே வைத்துவிடலாம். இரவு பதினோரு மணிக்கு 'ஹாய்' என்று வரும் மெசேஜ்களும் வீடியோ கால்களும் பெண்களுக்குப் பெரிய தொல்லை. தனி நம்பர் என்றால் ஒன்பது மணிக்கு அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நீண்ட நாள் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் இணைப்பு போய், அதே நம்பர் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். அதனால்தான் முக்கியமான எதையும் அதில் இணைக்க வேண்டாம் என்பது.

நேரில் வந்து வாங்குபவரிடம் ரொக்கமோ, உங்கள் க்யூ.ஆர் கோடை அவர் ஸ்கேன் செய்வதோ போதும். முன்பணம் அனுப்ப யு.பி.ஐ ஐடி கேட்டால், கொடுக்கும் முன் அதைப் பாருங்கள். பலருடைய ஐடி, செல்போன் நம்பரிலேயே தொடங்கும். அவ்வளவு கஷ்டப்பட்டு மறைத்த நம்பரை நாமே கையில் கொடுத்ததுபோல் ஆகிவிடும். நம்பர் இல்லாத ஐடி ஒன்றைச் செயலியிலேயே உருவாக்கிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே நம்பரைக் கொடுத்தாச்சே...

அப்படியானால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். 'நீங்க நிஜமான விற்பனையாளர்தானான்னு பார்க்க ஒரு கோடு வரும், சொல்லுங்க' என்று யாராவது கேட்டால், வந்திருக்கும் அந்த ஆறு இலக்கம் பெரும்பாலும் உங்கள் வாட்ஸ்அப்பை அவர் போனில் திறப்பதற்கான சாவி. சொல்லிவிட்டால் உங்கள் பெயரில் உங்கள் உறவினர்களிடமே 'அவசரமா பத்தாயிரம் அனுப்பு' என்று மெசேஜ் போகும். இப்போதே வாட்ஸ்அப்பில் Settings > Account > Two-step verification போய் ஒரு பின் வைத்துவிடுங்கள். கோடு தெரிந்தாலும் அந்தப் பின் இல்லாமல் உள்ளே வர முடியாது.

அடுத்தது, பொருளை எடுக்க வரும் வேன் டிரைவர் என்று ஒருவர் கூப்பிட்டு, 'இந்த நம்பரை டயல் பண்ணுங்க சார், டிரைவர் லைன்ல வருவார்' என்று `*21*` என்று தொடங்கும் ஒன்றைக் கொடுப்பது. டயல் செய்தால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவருக்குத் திரும்பிவிடும். குரல் அழைப்பில் வரும் ஓ.டி.பி-யும் சேர்ந்துதான். சந்தேகம் இருந்தால் `*#21#` டயல் செய்து பாருங்கள், அழைப்புகள் வேறு எங்காவது திருப்பப்பட்டிருக்கிறதா என்று தெரியும். `##002#` டயல் செய்தால் எல்லாத் திருப்பல்களும் ரத்தாகும்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் அவர்களுக்கு லாபம். உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க முடிந்தால்தான் மீட்க வழி உண்டு. செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க யு.டி.ஆர் எண் இருக்கும். அதையும் நேரத்தையும் தொகையையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியலாம். வங்கிக்கும் தனியாகச் சொல்லிவிட வேண்டும். சாட்டையும் அழைப்பு விவரத்தையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள்.

மெஷின் நல்லபடியாக விற்றுப்போனால் அன்றே விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். தெருக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப், அப்பார்ட்மென்ட் குரூப் என்று பகிர்ந்த இடங்களிலும் நீக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் ஒரு சில வாரங்களுக்கு, 'வாஷிங் மெஷின் இருக்கா?' என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். அது வரும் இடம், அலமாரியில் இருக்கும் அந்தப் பட்டன் போனாக இருக்கட்டும்.